ஏணி போனது, எதுகை நின்றது: ஒரு பிரியாவிடை மடலைத் திருத்திய கதை

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆரம்பப் பிரிவு டீச்சர் ஒருவர் அறுபது வயதாகி ஓய்வு பெறுகிறார். அவரிடம் படித்த பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து ஒரு வாழ்த்து மடல் அச்சிட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுக்க நினைத்தார்கள். மடலுக்கு எட்டு வரிக் கவிதையும் எழுதிக்கொண்டுதான் ஹட்டனில் நான் வேலை செய்யும் அச்சகத்துக்கு வந்தார்கள். வாழ்த்து மடல், கல்யாணப் பத்திரிகை, நினைவு மலர் என்று வருகிற பாக்களைச் சரிபார்ப்பது என் வேலை. அவர்கள் கொண்டுவந்த பா இது:

ஏணியாய் நின்று எம்மை ஏற்றிவிட்டீர்
தோணியாய்ச் சுமந்து கரை சேர்த்துவிட்டீர்
மெழுகென உருகி ஒளி தந்தீர்
விழுதென எம்மைத் தாங்கி வந்தீர்
கல்விக் கண்ணைத் திறந்து வைத்தீர்
நல்வழி காட்டி நெஞ்சில் நிலைத்தீர்
பல்லாண்டு பல்லாண்டு நீர் வாழ்கவே
எல்லா நலமும் என்றும் சூழ்கவே

கட்டு ஒழுங்காகவே இருந்தது. வரிக்கு நான்கு சீர். இரண்டிரண்டு வரியாக எதுகை விழுகிறது: ஏணி, தோணி, மெழுகு, விழுது, கல்வி, நல்வழி, பல்லாண்டு, எல்லா. எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது, முதலெழுத்தும் குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் என்று அளவொத்து நிற்க வேண்டும். அதுவும் சரியாக இருந்தது. வரியின் கடைசியில் இயைபும் இருந்தது. எழுதியவருக்கு நல்ல காது.

ஆனால் இந்த மடலில் பெயரை மட்டும் மாற்றி நுவரெலியாவில் ஓய்வு பெறும் அதிபருக்குக் கொடுக்கலாம், பதுளையில் ஒரு கணித ஆசிரியருக்கும் கொடுக்கலாம். ஒக்டோபர் 6 ஆசிரியர் தினத்துக்கு எங்களிடம் வரும் மடல்களில் பாதிக்கு மேல் இந்த ஏணியும் மெழுகுவர்த்தியும்தான். மடல் கேட்டு வந்த தம்பிக்கும் அது தெரிந்திருந்தது. "அண்ணே, சந்தம் இப்படியே இருக்கட்டும், அஞ்சாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று மேடையில வாசிக்கப் போகுது. ஆனா இது எங்க டீச்சர் மாதிரி இல்ல" என்றார். எதுகையும் இயைபும் அப்படியே நிற்க வேண்டும், தேய்ந்த சொற்கள் மட்டும் போக வேண்டும். கேட்டது அவ்வளவுதான்.

தேய்ந்த இடம் எது என்று கண்டுபிடிக்க நான் செய்வது ஒன்றே ஒன்று. வரியின் முன்பாதியை வாசித்துவிட்டு நிறுத்துவேன். "மெழுகென..." என்று நான் நிறுத்தியதும் வந்திருந்த மூன்று பேரும் "உருகி" என்றார்கள். "ஏணியாய்..." என்றதும் "ஏற்றி". "கல்விக் கண்ணை..." என்றதும் "திறந்து". கேட்பவர் வாயிலேயே மீதி வரி தயாராக இருந்தால், வாசிக்கும் பிள்ளைக்கு மேடையில் சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லை. எட்டு வரியில் ஆறு வரி இப்படி விழுந்தது.

முதல் திருத்தம் ஏன் பலிக்கவில்லை

அவர்கள் அங்கேயே உட்கார்ந்து மாற்றிப் பார்த்தார்கள். ஏணிக்குப் பதிலாகக் கேணி வந்தது: "கேணியாய் அறிவை ஊற்றிவிட்டீர்." கேணி மடலில் அடிக்கடி வராத சொல்தான், எதுகையும் நிற்கிறது. ஆனாலும் வரி பழையதாகவே ஒலித்தது. காரணம், தேய்ந்தது ஏணி என்ற பொருள் மட்டும் அல்ல, "இன்னதாய் இருந்து இன்னது செய்தீர்" என்ற அந்த உவமைச் சட்டமும்தான். அதற்குள் ஏணியைப் போட்டாலும் கேணியைப் போட்டாலும் டீச்சர் அதற்குள் வரமாட்டார். டீச்சர் என்ன செய்தார் என்பதைச் சொல்லாமல் அவர் எதைப் போன்றவர் என்று சொல்வதற்காகவே அந்தச் சட்டம் இருக்கிறது.

அடுத்து இன்னொரு வழி எடுத்தார்கள். மலையகத்து டீச்சர்தானே, மலையகத்தைக் கொண்டுவருவோம் என்று "பச்சைக் கம்பளம் விரித்த மலையில்" என்றும், "இரண்டிலை மொட்டென எமை வளர்த்தீர்" என்றும் எழுதினார்கள். இதில் நான் கொஞ்சம் கறாராகவே இருந்தேன். பச்சைக் கம்பளமும் இரண்டிலை மொட்டும் இங்கே வந்து போகிறவர்கள் கண்ணுக்குப் படுகிற மலையகம். தேயிலைப் பெட்டியிலும் கலண்டரிலும் அவற்றை நிறையப் பார்த்துவிட்டோம். பொதுவான தேய்வழக்கை எடுத்துவிட்டு ஊர்த் தேய்வழக்கைப் போடுவது திருத்தம் ஆகாது. கொழுந்து என்ற சொல்லை மடலில் பாவிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை, அது பின்னால் வரும். அதை யாருடைய கை பறிக்கிறது என்று தெரிகிற இடத்தில் வர வேண்டும்.

ஆகவே பேனாவை வைத்துவிட்டு டீச்சரைப் பற்றிக் கேட்கத் தொடங்கினேன். "டீச்சர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் அன்பானவர், கண்டிப்பானவர், பொறுமைசாலி என்ற பதில்தான் வரும். அந்தச் சொற்களை வைத்து எழுதினால் திரும்பவும் மெழுகுவர்த்திக்கே போய்ச்சேருவோம். எனவே கேள்வியைப் பொருள்மேல் வைத்தேன். டீச்சர் மேசையில் என்ன இருக்கும்? காலையில் எப்படி வருவார்? வேறு எந்த டீச்சரும் செய்யாத எதை இவர் செய்தார்?

பதில்கள் கடகடவென்று வந்தன. மேசையில் ஒரு பால்மா பேணி இருக்கும், அதற்குள் உப்பு. வைகாசி பிறந்து தென்மேல் பருவ மழை இறங்கிவிட்டால் மஸ்கெலியாப் பக்கம் மாதக்கணக்கில் ஈரம்தான். பிள்ளைகள் கோணிச் சாக்கை ஒரு மூலை உள்ளே மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு புல்லுப் பாதையில் ஏறி வருவார்கள், காலில் அட்டை தொங்கும். டீச்சர் ஒரு சிட்டிகை உப்பை வைத்தால் அது சுருண்டு விழும். அப்புறம் தலையைத் துவட்டிவிடுவார், அதற்கென்றே வீட்டிலிருந்து ஒரு துண்டு கொண்டுவருவார். அவர் வருவது முதல் பஸ்ஸில், கையில் இருப்பது கம்பி வளைந்து ஒழுகுகிற ஒரு குடை. பென்சில் இல்லாத பிள்ளைக்குக் கொடுக்க மேசை இழுப்பறையில் சீவிய பென்சில் கிடக்கும். லயத்தில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பட்டப்பெயர் இருக்கும், டீச்சர் மட்டும் இடாப்பில் உள்ள முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்.

கடைசியாக, அதுவரை பேசாமல் இருந்த தங்கச்சி ஒருவர் இதைச் சொன்னார். மாணவர் தேர்ச்சி அறிக்கையில் பெற்றோர் ஒப்பம் வைக்க வேண்டிய இடத்தில் இவருடைய அம்மா கைநாட்டு வைத்து அனுப்பினாராம். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. கொழுந்து நிறுத்துவிட்டு அம்மா பிள்ளையைக் கூட்டிப்போக வந்தபோது பேனாவைக் கையில் கொடுத்து, பெயரை எழுதப் பழக்கியிருக்கிறார். ஒரு நாளில் முடியவில்லை, அடுத்த தவணை அறிக்கையில் அம்மாவின் கையெழுத்து இருந்தது. அந்த அம்மாவைப் போலவே இன்னும் பலர். தோட்டப் பாடசாலைகளை அரசு 1970களில் பொறுப்பேற்கத் தொடங்கியது. அதற்கு முன்னே பிறந்து, பள்ளிக்கூடம் போகாமலே கூடை தூக்கிய பெண்கள் இவர்கள்.

எதுகையின் பக்கம் திரும்பினோம்

இவ்வளவு கிடைத்த பிறகும் எதுகை ஒரு தொல்லை கொடுக்கும், அதைச் சொல்லியாக வேண்டும். தமிழில் தேய்வழக்கு ஒற்றையாக வருவதில்லை, சோடியாக வரும். ஏணி என்று எழுதினால் தோணி தானாக வந்து நிற்கும், கல்வி என்றால் நல்வழி வந்துவிடும். எதுகைதான் அந்தச் சோடியை இவ்வளவு காலம் கட்டிக் காப்பாற்றி வைத்திருக்கிறது. எனவே ஒரு சொல்லை மட்டும் பிடுங்கினால் மற்றது பழைய சோடியைத் திரும்ப இழுத்துவிடும். இரண்டையும் ஒன்றாக எடுத்து, அதே எழுத்தில் வேறு சோடி தேட வேண்டும்.

முதல் ஈரடிக்கு நெடிலும் ணியும் வேண்டும். தாளில் வரிசையாக எழுதினோம்: ஆணி, கேணி, கோணி, நாணி, பாணி, பேணி, வாணி. வாணி வந்தால் கலைவாணியும் கூடவே வருவாள், அதுவும் மடல்களில் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆணியும் பாணியும் இவர்கள் கதையில் இல்லை. கோணியும் பேணியும் கதையிலேயே இருந்தன, இவர்கள் வாயாலேயே சொன்ன பொருள்கள். எதுகைச் சோடியின் இரண்டு பக்கமும் நடந்த விடயத்திலிருந்தே கிடைப்பது எப்போதும் நடக்காது, கிடைத்தால் விடக்கூடாது.

வரி முடிவில் பழைய பாவில் ஏற்றிவிட்டீர், சேர்த்துவிட்டீர் என்று இருந்தது. இதில் ஒலிப்பது விட்டீர் என்ற ஒரே சொல்தான். தமிழில் வினைமுற்றுகள் எல்லாம் ஒரே மாதிரி முடிவதால் இப்படிப்பட்ட இயைபு செலவில்லாமல் கிடைத்துவிடும், காதில் நிற்காது. விகுதிக்கு முன்னே இருக்கும் எழுத்தும் ஒத்தால்தான் பிடி கிடைக்கும். துவட்டியதும் விரட்டியதும் கதையில் இருந்ததால் "துவட்டிவிட்டீர், விரட்டிவிட்டீர்" என்று அமைந்தது. விட்டீர் அப்படியே நிற்கிறது, ட்டி புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

இரண்டாம் ஈரடிக்குக் குறிலும் ழுவும். மெழுகும் விழுதும் போன இடத்துக்கு ஒழுகும் குடையும் கொழுந்தும் வந்தன. முடிவில் தந்தீர், வந்தீர் அப்படியே. இந்த ஈரடியில்தான் அதிக நேரம் போனது. முதலில் "கொழுந்துக் கைநாட்டுக்கும் பேனா தந்தீர்" என்று அமைத்தோம். ஒலி நன்றாக இருந்தது, கேட்டதும் அதிரவும் செய்தது. ஆனால் அந்த அம்மாமார் எல்லாரும் விழா மண்டபத்தில் முன்வரிசையில் இருப்பார்கள். கைநாட்டு என்று ஒலிபெருக்கியில் கேட்டால் அவர்களில் யாராவது ஒருவர் தலை குனியக்கூடும். வாழ்த்து மடல் ஒருவரைத் தூக்கிவைக்க இன்னொருவரை இறக்கக்கூடாது. கைநாட்டை எடுத்துவிட்டு அம்மாவைப் போட்டோம்: "கொழுந்தெடுக்கும் அம்மாவுக்கும் பேனா தந்தீர்." நடந்தது தெரிந்தவர்களுக்கு முழுக் கதையும் புரியும், தெரியாதவர்களுக்கு டீச்சரின் கை நீண்டது மட்டும் தெரியும்.

மூன்றாவது ஈரடி சுலபமாக முடிந்தது. "இல்லாத" என்றும் "எல்லோரையும்" என்றும் தொடங்கினால் ல் எதுகையாகிறது, இகரமும் எகரமும் மோனைக்கு இனம் என்பதால் மோனையும் சேர்ந்து கிடைக்கிறது.

கடைசி ஈரடியில் ஒரு கருத்து வேறுபாடு. வந்தவர்கள் "பல்லாண்டு வாழ்க" என்பதையும் தூக்கிவிடலாம் என்றார்கள். நான் மறுத்தேன். ஏணியும் மெழுகுவர்த்தியும் டீச்சரை வருணிக்க வந்து வருணிக்காமல் நிற்பவை. பல்லாண்டு வாழ்க என்பது வருணனை இல்லை, அது வாழ்த்து. கல்யாண வீட்டில் அட்சதை போடும்போது புதிதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை, மேடையில் அந்த வரி வரும்போது சபை கைதட்டத் தயாராக இருக்கும். அதை ஒரு தடவை மட்டும் வைத்தோம். "எல்லா நலமும் என்றும் சூழ்கவே" என்ற மற்ற வரியில்தான் ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் டீச்சருக்கு மட்டும் பொருந்துகிற ஒரு விருப்பம் வேண்டும். இத்தனை வருடம் விடியற்காலையில் ஓடிப் பிடித்த முதல் பஸ், இனி அவருக்காக நிற்க வேண்டியதில்லை. நில்லாமல் என்றால் ல் இருக்கிறது, செல்கவே என்றால் வாழ்கவேயோடு இயைகிறது.

முழுவதும் சேர்ந்து இப்படி வந்தது:

கோணி போர்த்தி வந்தோம் துவட்டிவிட்டீர்
பேணி உப்பால் அட்டையை விரட்டிவிட்டீர்
ஒழுகும் குடையோடு முதல்பஸ்ஸில் வந்தீர்
கொழுந்தெடுக்கும் அம்மாவுக்கும் பேனா தந்தீர்
இல்லாத பிள்ளைக்கும் பென்சில் வைத்தீர்
எல்லோரையும் முழுப்பெயர் சொல்லி அழைத்தீர்
நில்லாமல் முதல்பஸ் இனிச் செல்கவே
பல்லாண்டு எங்கள் டீச்சர் வாழ்கவே

அச்சுக்குப் போகுமுன்

எங்கள் அச்சகத்தில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், அவர் பார்க்காமல் மடல் எதுவும் அச்சுக்குப் போகாது. அவர் முதல் சொல்லிலேயே நிறுத்திவிட்டார். வாழ்த்துப் பா மங்கலச் சொல்லில் தொடங்க வேண்டும், கோணியில் தொடங்கலாமா என்றார். இது தள்ளிவிடக்கூடிய ஆட்சேபம் இல்லை, அந்த வழக்கம் தமிழில் மிகப் பழையது, சபையில் பெரியவர்கள் கவனிக்கவும் செய்வார்கள். ஈரடிகளை இடம் மாற்றி "எல்லோரையும்" என்று தொடங்கிப் பார்த்தோம். அப்படிச் செய்தால் காலையில் மழையில் வந்து சேர்வதில் தொடங்கி ஓய்வில் முடிகிற ஒழுங்கு குலைகிறது. கடைசியில் பாவின் தலைக்கு மேலே "அன்பு நிறைந்த எங்கள் டீச்சருக்கு" என்ற விளிவரியைப் பெரிய எழுத்தில் போட்டு, பிள்ளை வாசிக்கும்போதும் அதிலிருந்தே தொடங்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். மூத்தவர் ஒப்புக்கொண்டார்.

வாழ்த்து அட்டையில் அட்டை என்று வந்தால் குழப்பம் வராதா என்றும் ஒருவர் கேட்டார். அதே வரியில் உப்பு முன்னால் வந்துவிடுவதால் குழப்பம் இல்லை. நாங்கள் சந்தேகப்பட்ட இடம் வேறு. நான்காவது வரி சீர் எண்ணிக்கையில் நான்குதான் என்றாலும் எழுத்துக் கணக்கில் நீளம், பதினெட்டுப் புள்ளி எழுத்தில் சட்டத்தின் ஓரத்தை முட்டியது. எழுத்தைச் சிறிதாக்கினால் எட்டு வரியையும் சிறிதாக்க வேண்டும், ஒரு வரியை மட்டும் சுருக்கினால் அசிங்கம். இரு பக்க ஓரத்தையும் குறைத்து, பூக்கொடி அலங்காரத்தை எடுத்துவிட்டோம். அந்தக் கொடி இல்லாமல் மடல் இன்னும் நன்றாகவே இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

பிள்ளையை ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டோம். "கொழுந்தெடுக்கும்" என்ற சொல்லில் தடுக்கும் என்று நினைத்தேன், தடுக்கவில்லை, வீட்டில் தினமும் கேட்கிற சொல். "இனிச் செல்கவே" என்பதில்தான் திக்கியது. ச் இல்லாமல் "இனி செல்கவே" என்று வாசிக்கப் பழக்கிவிட்டு, அச்சில் ஒற்றைப் போட்டே விட்டோம்.

இந்த மடலைக் கண்டு பண்டாரவளையிலிருந்து வேறொரு குழு வந்தது. அவர்களுடைய விளையாட்டு சேர் ஓய்வு பெறுகிறார், இதே பாவைப் பெயர் மாற்றித் தர முடியுமா என்றார்கள். முடியாது. அவர் பாடசாலை விடுதியிலேயே தங்கியிருந்தவர், அவருக்கு முதல் பஸ்ஸும் இல்லை, பேணி உப்பும் இல்லை. எடுத்துக்கொள்ள முடிந்தது கடைசி வரி ஒன்றுதான்: பல்லாண்டு எங்கள் சேர் வாழ்கவே. அதற்கு ல் எதுகையில் ஒரு துணை வரி தேடினோம். மைதான ஓரத்து நெல்லி மரத்தடியில் நின்றுதான் அவர் விசில் ஊதுவாராம். முதலில் "நெல்லி மரத்தடியில் விசில் ஓய்கவே" என்று வந்தது. ஓய்வு பெறுகிற மனிதருக்கு ஓய்க என்று சொல்வது காதுக்கு நல்லதாகப் படவில்லை, இந்தத் தடவை மூத்தவர் சொல்வதற்கு முன்னே அவர்களே சொல்லிவிட்டார்கள். "நெல்லி மரத்தடியில் விசில் கேட்கவே" என்று மாற்றினோம். மீதி ஆறு வரிக்கு அவர்கள் ஊருக்குப் போய் மற்ற மாணவர்களிடம் கேட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.